பெயர் ஸ்பெல்லிங் பொருந்தாமல் பணம் திரும்பிப் போகிறதா? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பணம் அனுப்பும் ஓர் அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். பல நாடுகளில் இருப்பவர்களுக்குப் பணம் போகும். போனதில் சில திரும்பி வரும். கணக்கு எண் சரியாக இருந்தும் திரும்பி வந்தால் என் முதல் சந்தேகம் பெயர் மேல்தான். தமிழ்ப் பெயர்களில் இது கூடுதலாகவே நடக்கிறது. `LAKSHMI` ஓரிடத்தில் `LAXMI` ஆகும், `SENTHIL` இன்னோரிடத்தில் `SENDHIL` ஆகும், இனிஷியல் ஒருவருக்கு முன்னால் நிற்கும், ஒருவருக்குப் பின்னால் நிற்கும், ஒருவருக்கு அப்பா பெயராக முழுசாக விரிந்துவிடும். படிக்கிற மனிதருக்கு எல்லாம் ஒரே ஆள். ஒப்பிட்டுப் பார்க்கிற மென்பொருளுக்கு அப்படி இல்லை.

பணம் திரும்பியதும் எல்லோரும் செய்கிற முதல் காரியம் வங்கிக்கு ஓடி "பெயரை மாற்றுங்கள்" என்று எழுதிக் கொடுப்பது. பாதி நேரம் அது தேவையே இல்லை. தேவைப்படும் நேரத்திலோ, "பெயரை மாற்றுங்கள்" என்று மொட்டையாகச் சொன்னால் போதாது. ஏனென்றால் வங்கியில் உங்கள் பெயர் ஒரே இடத்தில் இல்லை. வாடிக்கையாளர் பதிவில் ஒரு முறை, கணக்கின் தலைப்பில் ஒரு முறை, கார்டில் ஒரு முறை என்று தனித்தனியாக உட்கார்ந்திருக்கிறது. எந்த இடத்தில் எந்த எழுத்து தப்பு என்று கண்டுபிடித்துவிட்டுப் போனால் ஒரே நடையில் முடியும்.

## எதற்கும் முன்னால்: நான்கு வரி எழுதுங்கள்

ஒரு தாளில், எழுத்துக்கு எழுத்து அப்படியே பார்த்து நகலெடுங்கள். நினைவிலிருந்து எழுதக் கூடாது. நம் பெயரை நாமே எப்போதும் சரியாகத்தான் படிப்போம், தப்பு கண்ணில் படாது. எனக்குத் தெரிந்த ஒரு மொழிபெயர்ப்பாளரின் தாள் இப்படி இருந்தது (பெயரை மாற்றியிருக்கிறேன், தப்பு அதேதான்):

```
பாஸ்போர்ட்       MUTHULAKSHMI SUBRAMANIAN
ஸ்டேட்மென்ட்     S MUTHULAKSHMI
நெட் பேங்கிங்     MUTHULAXMI S
அனுப்பியவர்      MUTHULAKSHMI SUBRAMANIAN
```

ஸ்டேட்மென்ட் என்றால் வங்கி தருகிற கணக்கு அறிக்கையின் மேல்பகுதியில் அச்சாகியிருக்கும் பெயர். அது பெரும்பாலும் கணக்கின் தலைப்பு. நெட் பேங்கிங்கில் 'என் விவரங்கள்' பக்கத்தில் தெரிவது பெரும்பாலும் வாடிக்கையாளர் பதிவில் இருக்கும் பெயர். இரண்டும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று நம்பி ஒன்றை மட்டும் பார்த்தால் மாட்டிக்கொள்வீர்கள். இந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான், கீழே வருகிறேன்.

கார்டை ஆதாரமாக எடுக்காதீர்கள். கார்டின் காந்தப் பட்டையில் பெயருக்கு 26 எழுத்துதான் இடம். நீளமான பெயரை வங்கி தானாகவே சுருக்கியிருக்கும். அது பிழையும் இல்லை, உங்கள் பணம் திரும்பியதற்கும் அதற்கும் சம்பந்தமும் இல்லை.

## அறிகுறி 1: அனுப்புவதற்கு முன்பே அனுப்புபவருக்கு எச்சரிக்கை வருகிறது

எளிதான நிலை இது. பணம் இன்னும் கிளம்பவில்லை. சில நாடுகளில் பணம் அனுப்பும் முன்னரே பெயரையும் கணக்கு எண்ணையும் வங்கிகள் ஒப்பிட்டுச் சொல்லிவிடுகின்றன. பிரிட்டனில் 2020 முதல் இது நடக்கிறது. யூரோ நாணயம் புழங்கும் நாடுகளில் 2025 அக்டோபர் 9 முதல் வங்கிகளுக்கு இது சட்டக் கடமை.

"கிட்டத்தட்டப் பொருந்துகிறது" என்று வந்தால்: வங்கியில் பதிவாகியிருக்கும் பெயரை அனுப்புபவரின் திரையிலேயே காட்டுவார்கள். அவரிடம் அந்தத் திரையை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வங்கி உங்களை எந்த எழுத்தில் வைத்திருக்கிறது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி கிடையாது. அனுப்புபவர் அந்த எழுத்திலேயே திருத்திக்கொண்டு அனுப்பினால் சரி, வேலை முடிந்தது.

"பொருந்தவில்லை" என்று வந்தால்: சரியான பெயரைக் காட்ட மாட்டார்கள். உங்கள் ஸ்டேட்மென்டில் இருக்கும் எழுத்துகளை நகலெடுத்து அனுப்புபவருக்கு அனுப்புங்கள். அதற்கும் "பொருந்தவில்லை" என்றே வந்தால் நேராக அறிகுறி 4-க்குப் போங்கள்.

"சரிபார்க்க முடியவில்லை" என்று வந்தால்: அது உங்கள் பெயரைப் பற்றிய செய்தியே அல்ல. எதிர்முனை பதில் சொல்லவில்லை என்று அர்த்தம். இதற்காக வங்கிக்குப் போகாதீர்கள்.

## அறிகுறி 2: அனுப்பியாகிவிட்டது என்கிறார்கள், வரவும் இல்லை, திரும்பவும் இல்லை

பணம் உங்கள் வங்கியின் வெளிநாட்டு வரவுப் பிரிவில், ஒரு மனிதர் பார்க்க வேண்டிய வரிசையில் உட்கார்ந்திருக்க வாய்ப்பு அதிகம். இந்த நேரத்தில் செய்யக் கூடாதது ஒன்று உண்டு: பெயர்த் திருத்த விண்ணப்பம் கொடுப்பது. திருத்தம் முடிய நாள் ஆகும், நிறுத்தி வைத்த பணம் அதுவரை காத்திருக்காது. திருத்தம் ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, பணம் இன்னொரு பக்கம் திரும்பிப் போய்விடும்.

முதலில் அனுப்பியவரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, `UETR` என்கிற தடம் பிடிக்கும் எண். கோடுகளையும் சேர்த்து 36 எழுத்து நீளம் இருக்கும். அனுப்புகிற வங்கியிலிருந்து உங்கள் வங்கி வரை மாறாமல் கூடவே வருவது இந்த எண்தான். இரண்டு, அவருடைய வங்கி அனுப்பிய செய்தியின் நகல். பழைய வடிவமாக இருந்தால் `MT103` என்று தலைப்பு இருக்கும், புதிய வடிவமாக இருந்தால் `pacs.008`. பழைய வடிவத்தில் உங்கள் பெயர் இருக்கும் இடம் இது:

```
:59:/கணக்கு எண்
MUTHULAKSHMI SUBRAMANIAN
முகவரி
```

அனுப்பியவர் எப்படி எழுதினார் என்பதை அவர் வாய்வார்த்தையில் நம்பாமல் இந்த இடத்தைப் பாருங்கள். அவர் சரியாகத்தான் தட்டியிருப்பார், நடுவில் எங்கோ வெட்டுப்பட்டிருக்கும். பழைய வடிவத்தில் ஒரு வரிக்கு 35 எழுத்துதான். `VENKATASUBRAMANIAN MEENAKSHISUNDARAM` என்று எழுதிப் பாருங்கள், இடைவெளியோடு 36 வரும். கடைசி `M` அடுத்த வரிக்குப் போய் முகவரியோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது காணாமலே போகும். ஒற்றை எழுத்துக்காகப் பணம் நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். இப்படி நீளமான பெயர் என்றால், வங்கியில் மாற்றுவதற்குப் பதில் அனுப்புபவரிடம் இனிஷியல் வடிவத்தைக் கொடுத்துவிடுவது நல்லது. அந்த இனிஷியல் வடிவம் உங்கள் வங்கியின் பதிவில் இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணும் நகலும் கையில் வந்ததும் உங்கள் வங்கிக்கு இரண்டே கேள்வி போதும். "இந்த எண்ணில் வந்த பணம் உங்களிடம் இருக்கிறதா? பெயருக்காக நிறுத்தியிருக்கிறீர்களா?" கிளைக் கவுண்டரில் இருப்பவருக்குப் பெரும்பாலும் இது தெரியாது. அது அவர் குற்றம் இல்லை, அவர் திரையில் அந்தப் பணம் தெரியாது. வெளிநாட்டு வரவு பார்க்கும் பிரிவின் மின்னஞ்சலை வாங்கிக்கொண்டு அங்கே எழுதுங்கள்.

ஆம் என்றால், இரண்டு கதவு திறந்திருக்கிறது. அடையாள ஆவணமும் இன்வாய்ஸும் கொடுத்து "இது நான்தான்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் சில வங்கிகள் வரவு வைத்துவிடும். அது முடியாது என்றால், அனுப்பியவரின் வங்கி உங்கள் வங்கிக்கு 'பெறுபவர் பெயரை இப்படி வாசிக்கவும்' என்று ஒரு திருத்தச் செய்தி அனுப்ப வேண்டும். அனுப்பியவர்தான் தன் வங்கியில் கேட்க வேண்டும், நீங்கள் கேட்டால் பேசக்கூட மாட்டார்கள். இதற்குக் கட்டணம் பிடிப்பார்கள், யார் தலையில் என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. வங்கி உங்களிடம் பிறந்த தேதி, முகவரி, எதற்கான பணம் என்றெல்லாம் கேட்டால் அது பெரும்பாலும் ஸ்பெல்லிங் பிரச்சினை இல்லை. உங்கள் பெயர் ஏதோ ஒரு தடைப் பட்டியலில் இருக்கும் வேறொருவரின் பெயரை ஒத்திருக்கலாம், நீங்கள் அவர் இல்லை என்று உறுதி செய்துகொண்டிருக்கலாம். கேட்டதைக் கொடுத்துவிடுங்கள். பெயரைத் திருத்துகிறேன் என்று நடுவில் கிளம்பினால் சந்தேகம்தான் கூடும்.

## அறிகுறி 3: ஒருவர் அனுப்பினால் மட்டும் திரும்புகிறது, மற்றவர்கள் அனுப்புவது வருகிறது

இங்கே வங்கியைத் தொடாதீர்கள். தப்பு அனுப்புபவரின் பதிவேட்டில் இருக்கிறது. அவர் உங்களைச் சேமித்து வைத்திருக்கும் பக்கத்தைத் திறந்து பெயரை மறுபடி தட்டச் சொல்லுங்கள். திருத்தச் சொல்லவில்லை, அழித்துவிட்டுப் புதிதாகத் தட்டச் சொல்கிறேன். நகலெடுத்து ஒட்டிய பெயரில் கண்ணுக்குத் தெரியாத இரட்டை இடைவெளி இருக்கும், `O` இருக்க வேண்டிய இடத்தில் பூஜ்யம் இருக்கும். சில இணையதளங்கள் பெயரையும் குடும்பப் பெயரையும் தனித்தனிக் கட்டத்தில் வாங்கி, வரிசை மாற்றி அனுப்பிவிடும். குடும்பப் பெயரே இல்லாதவர்கள் கட்டம் காலியாக இருக்கக் கூடாதே என்று பெயரை இரண்டு கட்டத்திலும் எழுதிவிட்டு, `MURUGAN MURUGAN` என்று பணம் கிளம்பிவிடும்.

இதிலேயே ஒரு கிளை: பணம் உங்கள் கடைப் பெயருக்கோ தொழில் பெயருக்கோ கிளம்புகிறது, கணக்கோ உங்கள் சொந்தப் பெயரில் இருக்கிறது. இதை ஸ்பெல்லிங் திருத்தமாக வங்கி செய்யாது. ஒன்று, அனுப்புபவர் உங்கள் சொந்தப் பெயருக்கு அனுப்ப வேண்டும். இல்லை, தொழில் பெயரில் வேறு கணக்கு தொடங்க வேண்டும். கூட்டுக் கணக்கிலும் ஒரு சின்ன விஷயம் பாருங்கள். சில வங்கிகள் முதல் பெயரை மட்டும்தான் ஒப்பிடுகின்றன. நீங்கள் இரண்டாவது பெயராக இருந்தால் முதல் பெயரையும் சேர்த்து எழுதச் சொல்லிப் பாருங்கள்.

## அறிகுறி 4: யார் அனுப்பினாலும் திரும்புகிறது

இதுதான் வங்கியில் திருத்த வேண்டிய நிலை. ஆனால் போவதற்கு முன்னால் திரும்பி வந்த பணத்தின் காரணக் குறியைக் கேட்டு வாங்குங்கள். பெயர் காரணம் என்றால் வழக்கமாக `BE01` என்று வரும், கணக்கு எண்ணும் ஆளும் பொருந்தவில்லை என்று அர்த்தம். `RR03` என்றால் பெயரோ முகவரியோ எழுதவே இல்லை, அது அனுப்பியவர் வேலை. `AC01` என்றால் கணக்கு எண் தப்பு, `AC04` என்றால் கணக்கு மூடப்பட்டது, `AC06` என்றால் கணக்கு முடக்கப்பட்டது. இந்த மூன்றில் ஒன்று வந்திருந்தால் பெயரோடு மல்லுக்கட்டி ஒரு பயனும் இல்லை. `MS03` என்றால் வங்கி காரணம் சொல்ல விரும்பவில்லை. அப்போது உங்கள் வங்கியிடம் எழுத்தில் கேட்பதைத் தவிர வேறு வழி இல்லை.

இப்போது அந்த மொழிபெயர்ப்பாளர் கதை. 1,200 யூரோ அனுப்பினோம், பாஸ்போர்ட்டில் இருக்கிற பெயரில். ஒரு வாரத்துக்குள் திரும்பி வந்தது, நடுவில் நின்ற வங்கி தன் பங்கைப் பிடித்துக்கொண்டு 1,170 யூரோவாக. சரி, ஸ்டேட்மென்டில் `S MUTHULAKSHMI` என்றுதானே இருக்கிறது, அப்படியே அனுப்பலாம் என்று இரண்டாவது முறை அனுப்பினேன். அதுவும் திரும்பியது. ஸ்டேட்மென்டும் நானும் ஒரே மாதிரி எழுதியிருக்கிறோம், பிறகு எதோடு ஒப்பிட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

அவர் கிளைக்குப் போய், அங்கிருந்த அதிகாரியிடம் திரையைக் காட்டச் சொல்லிக் கேட்டார். "உங்க பேர்தானே மேடம், சரியாத்தானே இருக்கு" என்று சொல்லித் திருப்பிக் காட்டினார் அதிகாரி. கணக்குப் பக்கம் அது. "கஸ்டமர் பக்கத்தையும் காட்டுங்க சார்" என்று இவர் விடாமல் கேட்டார். அங்கே `MUTHULAXMI S` என்று இருந்தது. கணக்கு தொடங்கிய நாளில் யாரோ காதால் கேட்டுத் தட்டிய எழுத்து. ஸ்டேட்மென்ட் கணக்குத் தலைப்பிலிருந்து அச்சாகிறது, வெளிநாட்டு வரவுப் பிரிவு வாடிக்கையாளர் பதிவோடு ஒப்பிடுகிறது. நாங்கள் இத்தனை நாளும் தப்பான கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆகவே கிளையில் கேட்க வேண்டியது இது: "வாடிக்கையாளர் பதிவில் பெயர் என்ன, கணக்குத் தலைப்பில் என்ன, இரண்டையும் காட்டுங்கள்." காட்ட மறுத்தால் இரண்டையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

விண்ணப்பத்தை அச்சிட்ட படிவத்தோடு நிறுத்தாதீர்கள். படிவத்தில் 'புதிய பெயர்' என்று ஒரே கட்டம் இருக்கும், அதை வைத்து ஓரிடத்தில் மட்டும் மாற்றிவிட்டு முடிந்தது என்பார்கள். கூடவே இப்படி ஒரு கடிதம் வையுங்கள்:

> என் கணக்குக்கு வரும் பணம் பெயர் பொருந்தவில்லை என்ற காரணத்தால் இரண்டு முறை திரும்பியுள்ளது. திரும்பியதற்கான சான்று இணைப்பில் உள்ளது.
>
> வாடிக்கையாளர் பதிவில் இப்போது உள்ள பெயர்: MUTHULAXMI S
> கணக்குத் தலைப்பில் இப்போது உள்ள பெயர்: S MUTHULAKSHMI
> இரண்டிலும் இருக்க வேண்டிய பெயர், பாஸ்போர்ட்டில் உள்ளபடி: MUTHULAKSHMI SUBRAMANIAN
>
> இது எழுத்துப் பிழைத் திருத்தம். நான் பெயர் மாற்றிக்கொள்ளவில்லை. என் அதே வாடிக்கையாளர் எண்ணின் கீழ் உள்ள எல்லாக் கணக்குகளிலும் திருத்தித் தரவும். திருத்திய பின், பதிவில் உள்ள பெயரை அப்படியே குறிப்பிட்டு ஒரு கணக்கு உறுதிக் கடிதம் தரவும்.

'எழுத்துப் பிழைத் திருத்தம்' என்ற சொல் முக்கியம். 'பெயர் மாற்றம்' என்று எழுதினால் விண்ணப்பம் வேறு மேசைக்குப் போகும். திருமணச் சான்று, அரசிதழ் அறிவிப்பு, நீதிமன்ற ஆணை என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பிழை வங்கி ஊழியர் தட்டியதுதான் என்பதற்கு, கணக்கு தொடங்கும்போது நீங்கள் நிரப்பிய படிவத்தின் நகல் கிடைத்தால் வேலை இன்னும் சுலபம். அதில் உங்கள் கையெழுத்தில் சரியான பெயர் இருக்கும்.

எந்த ஆவணத்தின்படி திருத்துவது என்பதில் அவசரப்படாதீர்கள். பணம் அனுப்புபவர்கள் எதைப் பார்த்துத் தட்டுகிறார்களோ அதன்படி திருத்துங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் என்றால் அது பெரும்பாலும் பாஸ்போர்ட். பாஸ்போர்ட்டிலும் மேலே அழகாக அச்சாகியிருப்பதை மட்டும் பார்க்காமல், கீழே `<` குறிகளோடு இருக்கும் இரண்டு வரிகளைப் பாருங்கள். அதில் பெயருக்கு 39 இடம்தான். நீளமான பெயர் அங்கே வெட்டுப்பட்டிருக்கலாம். வங்கி பாஸ்போர்ட்டை ஸ்கேன் செய்து பெயரை எடுத்தால் வருவது அந்த வெட்டுப்பட்ட வடிவம்தான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு பட்டியல் தேவை. பழைய எழுத்தில் உங்களுக்கு ஒழுங்காகப் பணம் அனுப்பிக்கொண்டிருப்பவர்கள் யார் யார்? சம்பளம், ஓய்வூதியம், பங்கு ஈவு, தானாகப் பிடித்தம் ஆகும் கட்டளைகள். வங்கியில் பெயர் மாறியதும் இவற்றில் ஏதாவது திரும்பத் தொடங்கலாம். உறுதிக் கடிதம் கைக்கு வந்த அன்றே அவர்களுக்கெல்லாம் நகல் அனுப்புங்கள். அதே போல, திருத்தம் நடக்கும் நாட்களில் வழியில் எந்தப் பணமும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அனுப்புபவரிடம் "கடிதம் வரும் வரை பொறுங்கள்" என்று சொன்னால் கேட்பார். இரண்டு முறை திரும்பிப் பெற்றவருக்குப் பொறுமை தானாகவே வந்திருக்கும்.

## அறிகுறி 5: வங்கி திருத்திவிட்டது, இன்னும் திரும்புகிறது

முதலில் ஸ்டேட்மென்டும் நெட் பேங்கிங்கும் இரண்டும் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் மாறியிருந்தால், கடிதத்தின் நகலைக் காட்டி மற்றதையும் மாற்றச் சொல்லுங்கள். புதிய விண்ணப்பம் தேவையில்லை.

இரண்டும் மாறியிருந்தால், அனுப்புபவர் இன்னும் பழைய எழுத்தில்தான் அனுப்புகிறாரா என்று கேளுங்கள். "மாற்றிவிட்டேன்" என்பார். சேமித்து வைத்த பழைய பெறுநரைத் திருத்தியிருப்பார், பணம் அனுப்பும் பட்டியலில் வேறொரு நகல் இருக்கும். பழையதை நீக்கிவிட்டுப் புதிய பெறுநராகச் சேர்ப்பதே சுத்தமான வழி.

அதுவும் சரி என்றால், பெயர் சரிபார்க்கும் பதிவேட்டுக்கு வங்கியின் புதிய தகவல் இன்னும் போய்ச் சேராமல் இருக்கலாம். சில நாள் விட்டுச் சிறிய தொகை ஒன்றை அனுப்பச் சொல்லிச் சோதியுங்கள். பெரிய தொகையை வைத்துச் சோதிக்காதீர்கள். ஒவ்வொரு திரும்புதலிலும் நடுவில் இருக்கும் வங்கி பிடிப்பது போக, நாணய மாற்று விகிதத்திலும் கொஞ்சம் கரையும். எங்கள் கதையில் அந்த மூன்றாவது முறை 50 யூரோ அனுப்பிப் பார்த்தோம். போய்ச் சேர்ந்தது என்று தெரிந்த பிறகுதான் மீதியை அனுப்பினேன்.

## அறிகுறி 6: வங்கி திருத்த மறுக்கிறது

இதில் இரண்டு வகை. உங்கள் ஆவணங்கள் எல்லாம் ஒரே எழுத்தில் இருந்து, வங்கி மட்டும் வேறாக வைத்துக்கொண்டு மறுத்தால், கவுண்டரில் வாக்குவாதம் வேண்டாம். விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, வாங்கியதற்கு முத்திரையும் தேதியும் போட்டு நகல் வாங்குங்கள். பதில் எழுத்தில் வரட்டும். அதை வைத்து வங்கியின் புகார்ப் பிரிவுக்கு, அங்கும் நகரவில்லை என்றால் உங்கள் நாட்டில் வங்கிகளைக் கண்காணிக்கும் குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். அந்த அமைப்புகள் முதலில் கேட்பது "வங்கியிடம் எழுத்தில் கேட்டீர்களா, என்ன சொன்னார்கள்?" என்பதைத்தான்.

ஆவணங்களே ஒன்றோடொன்று முரண்பட்டால் கதை வேறு. பாஸ்போர்ட்டில் ஓர் எழுத்து, தேசிய அடையாள அட்டையில் ஓர் எழுத்து, சான்றிதழில் மூன்றாவது எழுத்து. இங்கே வங்கி மறுப்பது நியாயம், எதை நம்புவது என்று அவர்களுக்குத் தெரியாது. வித்தியாசம் ஓர் எழுத்தோ இனிஷியலோ மட்டும் என்றால், "இரண்டு பெயரும் ஒரே ஆளையே குறிக்கும்" என்று நோட்டரி முன்னிலையில் செய்த உறுதிமொழிப் பத்திரத்தைப் பல வங்கிகள் ஏற்கும். எந்த வாசகம் வேண்டும் என்று வங்கியிடம் மாதிரி வாங்கிக்கொண்டு நோட்டரியிடம் போங்கள், இல்லாவிட்டால் இரண்டு முறை காசு கொடுப்பீர்கள். பெயரே வேறாக இருந்தால், திருமணத்துக்குப் பின் மாறியதோ, அப்பா பெயர் சேர்ந்ததோ, அடையாள ஆவணத்தை முதலில் திருத்த வேண்டியிருக்கும். அது செலவும் மாதங்களும் பிடிக்கும் வேலை. அங்கிருந்து ஒரு வழக்கறிஞரைப் பார்ப்பதுதான் சரி. அதுவரைக்கும் பணம் அனுப்புபவரிடம், வங்கியில் இப்போது இருக்கும் எழுத்திலேயே, தப்பாக இருந்தாலும், அனுப்பச் சொல்லிவிடுங்கள்.